சாயப்பட்டறையில் தண்ணீரை வடிப்பு வடிப்பாக அளப்பது

ஒரு லாட் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றி முடிப்பதற்குள் மெஷினில் பதினொரு முறையாவது தண்ணீர் நிரப்புவோம், பதினொரு முறையாவது வடிப்போம். சாயமும் உப்பும் கலந்த கரும் தண்ணீரும், கண்ணாடி டம்ளரில் பிடித்தால் குடிதண்ணீர்போலத் தெரியும் கடைசி அலசல் தண்ணீரும் தரைக்கடியில் ஒரே கால்வாயில்தான் போய் விழுகின்றன. விழுந்த பிறகு அதைப் பிரிக்க முடியாது. மறுபயன்பாடு என்றதும் பலரும் அந்தக் கால்வாயின் முடிவில் என்ன வடிகட்டி வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். எனக்கு அது பின்னால் வரவேண்டிய கேள்வி. முதலில் மெஷினின் வாயில் நின்று, எந்த வடிப்பில் எவ்வளவு தண்ணீர் போகிறது, அதில் என்ன இருக்கிறது என்று அளந்துவிட வேண்டும். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்கிறேன். 200 கிலோ பின்னலாடைத் துணி பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின், பருத்தி, ரியாக்டிவ் சாயம், அடர் நிறம். துணி ஒரு பங்குக்குத் தண்ணீர் எட்டுப் பங்கு, அதாவது மட்டக் கோடு வரை நிரப்பினால் 1,600 லிட்டர். எண்களைப் புரிவதற்காக முழுமையாக்கியிருக்கிறேன். உங்கள் மெஷினில் எண்கள் வேறாக இருக்கும். அளக்கும் முறை இதுதான்.

முதலில் ஒரு லாட்டுடன் கூடவே இருங்கள்

மீட்டர் வாங்குவதற்கு முன் ஒரு முழு லாட்டுக்கு, தொடக்கத்திலிருந்து துணி வெளியே வரும் வரை, நோட்டுப் புத்தகத்துடன் மெஷின் அருகில் இருங்கள். புரோகிராம் தாளில் எழுதியிருப்பதும் தரையில் நடப்பதும் ஒன்றாக இருப்பது அரிது. தாளில் "அலசல் 10 நிமிடம்" என்று இருக்கும். ஆபரேட்டர் அதை வால்வைத் திறந்துவிட்டு, ஒரு பக்கம் நிரம்ப மறுபக்கம் வழிந்தோடும்படி ஓவர்ஃப்ளோவாக ஓட்டுவார். நடுவில் டீ குடிக்கப் போனால் பத்து நிமிடம் பதினெட்டு ஆகும். அவரைக் குறை சொல்லவோ திருத்தவோ அன்று முயல வேண்டாம். நடப்பது நடக்கிறபடி பதிவாக வேண்டும். நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதற்காக அவர் ஒழுங்காகச் செய்தால், அந்த நாளின் எண் பயன்படாது.

ஒவ்வொரு படிக்கும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: தொடங்கிய நேரம், நிரப்பும் முன்னும் பின்னும் மீட்டர் காட்டியது, வெப்பநிலை, போட்ட ரசாயனம், வடித்த நேரம். ஓவர்ஃப்ளோ ஓடினால் அதற்குத் தனி வரி.

மீட்டர் மெஷினின் உள்வரும் குழாயில், வால்வுக்கு முன்னால், நேரான குழாய்ப் பகுதியில் இருக்க வேண்டும். வளைவை ஒட்டிப் போட்டால் பிழை காட்டும். வெந்நீருக்குத் தனிக் குழாய் இருந்தால் அதற்கு இன்னொரு மீட்டர், வெந்நீர் தாங்கும் வகையில். மீட்டர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டியே நல்ல அளவுகோல். தொட்டியின் அடிப்பரப்பு 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் என்றால், மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 50 லிட்டர் போயிருக்கிறது. அந்த நேரத்தில் தொட்டிக்குள் தண்ணீர் ஏறாமலும், வேறு மெஷின் எடுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மெஷினை மட்டும் ஓட்டினால் இது சுலபம்.

மெஷின் திரையில் தெரியும் லிட்டர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பல மெஷின்களில் அது மட்ட உணர்வியிலிருந்து கணக்கிட்ட எண். உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு ஓடிப் போனது என்று சொல்லாது. ஓவர்ஃப்ளோ நடக்கும்போது மட்டம் அசையாது. திரையைப் பொறுத்தவரை அப்போது தண்ணீரே செலவாகவில்லை.

நம் மெஷினில் வந்த எண்கள்

| படி | உள்ளே சென்றது (லிட்டர்) |
|---|---|
| 1. ஸ்கவரிங், பிளீச்சிங் (காய்ந்த துணி) | 1,600 |
| 2. சூடான அலசல், 80 டிகிரி | 1,000 |
| 3. ஆசிட் அலசல், பெராக்சைடு நீக்கம் | 1,000 |
| 4. சாயக் குளியல் | 1,000 |
| 5. முதல் அலசல் | 1,000 |
| 6. இரண்டாம் அலசல் | 1,000 |
| 6-இல் ஓவர்ஃப்ளோ, 15 நிமிடம் | 2,250 |
| 7. ஆசிட் அலசல் | 1,000 |
| 8. சோப்பிங், 95 டிகிரி | 1,000 |
| 9. சூடான அலசல் | 1,000 |
| 10. கடைசிக் குளிர் அலசல் | 1,000 |
| 11. சாஃப்ட்னர் | 1,000 |

கூட்டினால் 13,850 லிட்டர். இதில் மெஷினைக் குளிரவைக்கும் தண்ணீர் இல்லை. அது துணியைத் தொடாமல் வெப்பமாற்றிக்குள் மட்டும் ஓடி வெளியே வருகிறது. பிளீச்சிங் முடிந்து 98-இலிருந்து 80 டிகிரிக்கும், சோப்பிங் முடிந்து 95-இலிருந்து 80 டிகிரிக்கும் இறக்க வேண்டும். குளிர்நீர் 30 டிகிரியில் நுழைந்து 50-இல் வெளியேறினால், 1,600 லிட்டரை 18 டிகிரி இறக்கச் சுமார் 1,400 லிட்டரும், 15 டிகிரி இறக்க 1,200 லிட்டரும் தேவை. ஆக 2,600 லிட்டர். இதைச் செலவாகவே யாரும் எண்ணாததால் எந்தத் தாளிலும் இருப்பதில்லை. குழாய் பின்பக்கமாக நேரே கால்வாயில் விடப்பட்டிருக்கும். இதையும் சேர்த்து மொத்தம் 16,450 லிட்டர், கிலோ துணிக்கு 82 லிட்டர்.

துணி பிடித்து வைத்திருக்கும் தண்ணீர்

அட்டவணையில் முதல் நிரப்பு மட்டும் 1,600, மற்றவை 1,000 என்று இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் நிரப்பியது அதே மட்டக் கோடு வரைதான். காய்ந்த துணிக்கு 1,600 லிட்டர் தேவைப்பட்டது. வடித்த பிறகு அதே கோட்டுக்கு 1,000 போதுமானதாக இருந்தது. மீதி 600 லிட்டர் எங்கே? ஈரத் துணிக்குள்ளும், கொஞ்சம் பம்பிலும் வெப்பமாற்றியிலும் வடியாமல் நிற்கிறது. கிலோவுக்கு மூன்று லிட்டர்.

இந்த 600-தான் முழுத் திட்டத்துக்கும் ஆதாரமான எண். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். வடித்தால் பழைய தண்ணீர் போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் 1,600-இல் 600, அதாவது 37.5 சதவீதம், அடுத்த படிக்குக் கூடவே வருகிறது. அதில் கரைந்திருந்த உப்பும் காரமும் சாயமும் அதே பங்கில் வருகின்றன. துணி வகை மாறினால் இந்த எண் மாறும்: கனமான துணி அதிகம் பிடிக்கும், பாலியெஸ்டர் கலந்தது குறைவாகப் பிடிக்கும். அதனால் அடிக்கடி ஓட்டும் ஒவ்வொரு துணிக்கும் தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செலவில்லாத அளவீடு இது. மீட்டரில் இரண்டு எண்ணைக் கழித்தால் வந்துவிடும்.

உப்பைப் பின்தொடர்தல்

அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு போடுகிறோம் என்று வையுங்கள். 1,600 லிட்டருக்கு 96 கிலோ. உப்பு துணியில் தங்காது. சாயத்தைத் துணிக்குத் தள்ளிவிட்டு முழுவதும் தண்ணீரிலேயே நிற்கும். ஆகவே எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டிக்கொடுக்க உப்பைவிட நல்ல சாட்சி கிடையாது.

சாயக் குளியலை வடிக்கும்போது 1,000 லிட்டர் வெளியே போகிறது. அதில் 60 கிலோ உப்பு. மீதி 36 கிலோ துணியோடு நிற்கிறது. முதல் அலசலுக்கு 1,000 லிட்டர் நிரப்பியதும் அந்த 36 கிலோ 1,600 லிட்டரில் பரவி லிட்டருக்கு 22.5 கிராம் ஆகிறது. வடித்தால் 22.5 கிலோ போய் 13.5 கிலோ நிற்கும். இரண்டாம் அலசலில் லிட்டருக்கு 8.4 கிராம். இப்படி ஒவ்வொரு நிரப்புக்கும் முந்தையதை 0.375-ஆல் பெருக்கிக்கொண்டே போகலாம்.

முதல் இரண்டு வடிப்புகளைப் பாருங்கள். வெறும் 2,000 லிட்டரில் 82.5 கிலோ உப்பு போய்விட்டது. மொத்தத்தில் 86 சதவீதம். மற்ற எல்லா வடிப்புகளும் சேர்ந்து சுமப்பது 13.5 கிலோ மட்டுமே.

இது கணக்கு. மெஷினில் இப்படித்தான் நடக்கிறதா என்று பார்க்கக் கையடக்கக் கடத்துத்திறன் மீட்டர் ஒன்று வேண்டும். ஒவ்வொரு வடிப்பும் பாதி போயிருக்கும்போது ஒரு குவளை பிடியுங்கள். தொடக்கத்தில் பிடித்தால் குழாயில் தேங்கிய பழைய தண்ணீர்தான் வரும். மாதிரிகளை அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு அளங்கள். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் மாறுகிற அளவு இது. அடர்த்தியான மாதிரிகள் மீட்டரின் எல்லையைத் தாண்டினால் பத்து மடங்கு நீர்க்கவைத்து அளக்கலாம். மீட்டர் காட்டும் எண்ணை உப்பாக மாற்ற, உங்கள் கிடங்கில் இருக்கும் அதே உப்பை உங்கள் தண்ணீரிலேயே லிட்டருக்கு 1, 5, 10 கிராம் கரைத்து ஒரு சிறு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். சோடா ஆஷும் கடத்தும் என்பதால், அளவு கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். அது பரவாயில்லை. ஆனால் படிக்குப் படி இறங்கும் விகிதம் 0.375-க்குப் பதிலாக 0.5 என்று வந்தால், அலசும் நேரம் போதாமல் துணிக்குள் இருப்பது வெளியே வரவில்லை, அல்லது வடிப்பு முடியும் முன்பே அடுத்த நிரப்பு தொடங்கிவிடுகிறது. இரண்டாவதே அடிக்கடி நடப்பது.

ஓவர்ஃப்ளோவை முதலில் நிறுத்துங்கள்

மறுபயன்பாட்டுக்குப் போகும் முன் ஒரு திருத்தம். 15 நிமிட ஓவர்ஃப்ளோ 2,250 லிட்டரை விழுங்குகிறது. அதனால் என்ன கிடைக்கிறது? புதுத் தண்ணீர் உள்ளே கலந்து, கலந்த தண்ணீர்தான் வெளியே போகிறது. நன்றாகக் கலக்கும் மெஷினில் 1,600 லிட்டர் வழியாக 2,250 லிட்டர் ஓடினால், உப்பு முந்தையதில் சுமார் 25 சதவீதத்துக்கு இறங்கும். அதே வேலைக்கு இரண்டு முறை வடித்து நிரப்பினால் 2,000 லிட்டரில் 14 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஓவர்ஃப்ளோவில் போன தண்ணீரில் கிட்டத்தட்டப் பாதி, அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் உள்ளே வந்து வெளியே போன புதுத் தண்ணீர்.

நம் மெஷினில் ஓவர்ஃப்ளோவை எடுத்துவிட்டு ஒரே ஒரு நிரப்பைச் சேர்த்தோம். 1,250 லிட்டர் மிச்சம். உப்பு இப்போது இறங்கும் வரிசை: சாயக் குளியல் 60, பிறகு 22.5, 8.4, 3.2, ஆசிட் அலசலில் 1.2, சோப்பிங்கில் 0.44, சூடான அலசலில் 0.17, கடைசி அலசலில் 0.06 கிராம். கவனிக்க வேண்டிய இடம் சோப்பிங். அங்கே உப்பு அதிகம் இருந்தால், துணியில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயம் விட்டு வெளியே வராது. வாங்கியவர் வீட்டில் துவைக்கும்போது வரும். லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கீழே இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. ஓவர்ஃப்ளோவுடன் அது 0.3 ஆக இருந்தது, இப்போது 0.44. நிறம் போகுமோ என்று ஆபரேட்டர் சந்தேகப்பட்டால், பழைய முறை லாட்டிலிருந்தும் புது முறை லாட்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து, வெள்ளைத் துணியோடு தைத்துச் சூடான சோப்புத் தண்ணீரில் துவைத்துக் காட்டுங்கள். பேச்சு அதோடு முடியும்.

இந்தத் திருத்தத்துக்குப் பிறகு செயல்முறைத் தண்ணீர் 12,600, குளிர்நீர் 2,600. ஆக 15,200 லிட்டர்.

கணக்கு இடிக்கிறதா என்று பாருங்கள்

படிகளின் கூட்டுத்தொகையையும், அதே நேரத்தில் பட்டறையின் முதன்மை மீட்டர் காட்டியதையும் ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபயன்பாட்டைத் தள்ளிவைத்து அதைத் தேடுங்கள். தண்ணீரை மென்மையாக்கும் அலகைக் கழுவும் தண்ணீர், தரை கழுவுவது, நிற மாற்றத்துக்கு மெஷினைக் கழுவுவது ஆகியவை வழக்கமாக விடுபடும். அவையும் இல்லையென்றால் வால்வு. மெஷினை நிரப்பி, பம்பை நிறுத்தி, மட்டத்தைக் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். இறங்கினால் வடிகால் வால்வு கசிகிறது. ஏறினால் நிரப்பு வால்வு கசிகிறது. இரண்டும் ஒரே அளவில் கசிந்தால் மட்டம் அசையாது, மீட்டர் மட்டும் ஓடும். ஆகவே மீட்டரையும் பாருங்கள்.

வெளியே போகும் பக்கம் உள்ளே வந்ததைவிட 600 லிட்டர் குறைவாக இருக்கும். அது துணியோடு வெளியேறிப் பிழியும் இடத்துக்கும் உலர்த்திக்கும் போகிறது. இதைக் கசிவு என்று எண்ணித் தேடி நான் ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

எதை எங்கே கொடுப்பது

இப்போது ஒவ்வொரு வடிப்பையும் ஒவ்வொரு நிரப்போடும் பொருத்துங்கள். வடித்த தண்ணீரைப் பார்த்து "இது சுத்தமா?" என்று கேட்க வேண்டாம். "போகிற இடத்தில் ஏற்கெனவே இருக்கும் அழுக்கோடு ஒப்பிட்டால் இது கொண்டுவரும் அழுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

கடைசிக் குளிர் அலசலின் 1,000 லிட்டரில் உப்பு மொத்தமே 60 கிராம். அடுத்த லாட்டின் முதல் அலசலில், அதாவது சாயக் குளியலை வடித்த உடனே, துணியில் ஏற்கெனவே 36 கிலோ உப்பு நிற்கிறது. 36 கிலோவில் 60 கிராம் சேர்ந்தால் எதுவும் மாறாது. அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் கொடுப்பது வீண். நிறத்தைப் பொறுத்தவரை மட்டும் ஒரு நிபந்தனை: அதே நிறத்துக்கோ அதைவிட அடர்ந்த நிறத்துக்கோதான். கருநீல லாட்டின் கடைசி அலசல் தண்ணீர் இளஞ்சிவப்புக்குப் போகக் கூடாது, டம்ளரில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும்.

இரண்டாவது, பிளீச்சிங்குக்குப் பிறகான சூடான அலசல். அதில் காரமும், கொஞ்சம் மீந்த பெராக்சைடும், எழுபது டிகிரிக்கு மேல் வெப்பமும் இருக்கின்றன. மூன்றும் அடுத்த லாட்டின் பிளீச்சிங்குக்கு வேண்டியவையே. ஆனால் பருத்தியின் மெழுகும் விதைத் துகளும்கூட அதில் இருக்கின்றன. திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அழுக்கு ஏறிக்கொண்டே போகாதா? கணக்குப் போடுங்கள். ஒரு லாட் தரும் அழுக்கின் செறிவை 1 என்று வைத்தால், சூடான அலசலில் அது 0.375 ஆகிறது. அடுத்த பிளீச்சிங்கின் 1,600 லிட்டரில் 1,000 லிட்டர் இந்தத் தண்ணீர் என்பதால், 0.23 பங்கு திரும்பி வருகிறது. அடுத்த சுற்றில் அதில் 0.23, அதற்கடுத்து அதிலும் 0.23. கூட்டினால் 1.3-இல் வந்து நின்றுவிடுகிறது. முப்பது சதவீதம் கூடுதல்; அதற்கு மேல் ஏறாது. துணியோடு போகும் 600 லிட்டரும், நடுவில் வரும் புதுத் தண்ணீரும் மீதியை வெளியே எடுத்துக்கொண்டே இருக்கின்றன. வெள்ளைத் துணிக்கும் மிக இளநிறத்துக்கும் இந்த முப்பது சதவீதமும் வேண்டாம். அடர் நிறத்துக்குத் தாங்கும். ஒரு நுண்ணிய சல்லடை நூல்துகளைப் பிடிக்க வேண்டும். காஸ்டிக்கின் அளவை டைட்ரேஷன் செய்து பார்த்துக் குறைத்துப் போட வேண்டும். பழைய அளவையே போட்டால் காரம் மிகுந்துவிடும்.

மூன்றாவது குளிர்நீர். அதில் அழுக்கே இல்லை, 50 டிகிரி வெப்பம் இலவசம். பிளீச்சிங் நிரப்பில் மீதமுள்ள 600, அடுத்த சூடான அலசல் 1,000, சோப்பிங்குக்குப் பிறகான சூடான அலசல் 1,000 என்று 2,600-ம் போய்விடுகிறது. இப்படிச் சரியாகப் பொருந்தியது தற்செயல். உங்களிடம் மிஞ்சலாம், பற்றாமலும் போகலாம். அவ்வப்போது கடத்துத்திறனைப் பாருங்கள். குளிர்நீரில் அது திடீரென ஏறினால் வெப்பமாற்றியின் குழாயில் துளை விழுந்திருக்கிறது என்று பொருள்.

இந்த மூன்றோடு புதுத் தண்ணீர் 15,200-இலிருந்து 10,600 ஆகிறது. கிலோவுக்கு 53 லிட்டர். இதுவரை எந்தச் சவ்வு வடிகட்டியும் வாங்கவில்லை.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. பெராக்சைடு இருக்கும் தண்ணீர் சாயக் குளியலுக்குப் போனால் சாயம் கெட்டு நிறம் வெளிறும். சோதனைத் தாளில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சாஃப்ட்னர் வடிப்பு எங்கேயும் திரும்பக் கூடாது. அதைக் கற்றுக்கொண்ட நாள் நினைவிருக்கிறது. நான் வேலை பார்த்த பட்டறையில் கடைசி அலசலுக்குத் திறந்த வால்வை மூட மறந்து, சாஃப்ட்னர் வடிப்பும் மறுபயன்பாட்டுத் தொட்டிக்குள் போய்விட்டது. பார்க்க லேசான பால் நிறம், அவ்வளவுதான். மறுநாள் கருநீல லாட்டின் முதல் அலசலில் அந்தத் தண்ணீர் போனது. துணி வெளியே வந்தபோது விரல் நுனி அளவில் கரும்பொட்டுகள், தடவினால் பிசுபிசுப்பு. சாஃப்ட்னர் நேர்மின்னூட்டம் கொண்டது, ரியாக்டிவ் சாயம் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் கைகோத்துத் துணிமேல் படிந்துவிட்டன. 200 கிலோவையும் மறுபடி உரித்துச் சாயமேற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரம் மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் அதில் போனது.

தொட்டி, குழாய், வால்வு

வடிப்பும் நிரப்பும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கடைசி அலசல் வடியும்போது அடுத்த லாட் இன்னும் மெஷினுக்குள்ளேயே வந்திருக்காது. அதன் முதல் அலசலுக்கு இன்னும் பல மணி நேரம் இருக்கும். ஆகவே மூன்று வகைத் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி. கடைசி அலசலுக்கும் பிளீச்சிங் அலசலுக்கும் ஒரு வடிப்பும் அதில் கால் பங்கும் பிடிக்கும் அளவு, அதாவது 1,250 லிட்டர், ஒரு மெஷினுக்குப் போதும். பெரிய தொட்டி கட்டினால் தண்ணீர் தங்கும். சோப்பும் சாயமும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர் ஓரிரு நாளில் நாறும், சுவரில் வழுவழுப்பு படரும். வார விடுமுறைக்கு முன் தொட்டியைக் காலிசெய்துவிடுங்கள்.

மெஷின் 1,000 லிட்டரை மூன்று நிமிடத்தில் வடித்தால் நிமிடத்துக்கு 330 லிட்டர். குழாயும் பம்பும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டும்; இல்லையென்றால் வடிப்பு நீளும், ஒரு ஷிப்டில் ஒரு லாட் குறையும், மறுநாளே யாராவது குழாயைப் பழைய கால்வாய்க்குத் திருப்பிவிடுவார்கள். சூடான வடிப்புக்குச் சாதாரண பிவிசி குழாய் போடாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் அது தளர்ந்து வளையும். சிபிவிசியோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும்.

வடிகால் குழாயில் முந்தைய வடிப்பின் மிச்சம் தேங்கியிருக்கும். அதனால் முதல் சில நொடிகளைக் கால்வாய்க்கு விட்டுவிட்டு, பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். வால்வு கையால் திருப்புவதாக இருந்தால், வால்வுக்கு மேலேயே படி எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். முடிந்தால் மெஷினின் புரோகிராமோடு இணைந்த வால்வு போடுங்கள். நான் சொன்ன சாஃப்ட்னர் விபத்து மனிதர் மறந்ததால் நடந்தது. யாராக இருந்தாலும் ஒருநாள் மறப்பார்.

முதல் சோதனை ஆய்வகத்தில்: அதே நிறத்தை ஒருமுறை புதுத் தண்ணீரில் அலசியும், ஒருமுறை தொட்டித் தண்ணீரில் அலசியும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு கறுப்பு அல்லது கருநீலத்தில் ஒரு முழு லாட். ஒவ்வொரு நிரப்புக்கும் முன் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்து, கடத்துத்திறனையும் பிஎச் அளவையும் எழுதிவிட்டே வால்வைத் திறக்க வேண்டும்.

உப்பு குறையவில்லை

இந்தத் திட்டத்தால் தண்ணீர்தான் குறைகிறது. 96 கிலோ உப்பும் அப்படியே வெளியே போகிறது, குறைந்த தண்ணீரில். முன்பு குளிர்நீரும் சேர்ந்து 15,850 லிட்டர் கால்வாயில் விழுந்தபோது உப்பு லிட்டருக்கு 6 கிராம். இப்போது 10,000 லிட்டர் விழுகிறது, லிட்டருக்கு 9.6 கிராம். உங்கள் சுத்திகரிப்பு நிலையமோ அனுமதி வரம்போ செறிவை வைத்து அமைந்திருந்தால், தண்ணீர் மிச்சப்படுத்தியதற்காகவே சிக்கலில் மாட்டுவீர்கள்.

அதனால் நான்காவதாக ஒரு குழாய் வேண்டும். சாயக் குளியல், முதல் அலசல் இரண்டையும் மட்டும் தனியே எடுத்துச் செல்வதற்கு. பிரித்துவிட்டால் ஒரு பக்கம் 2,000 லிட்டர், லிட்டருக்கு 41 கிராம். இன்னொரு பக்கம் 8,000 லிட்டர், 1.7 கிராம். சோடா ஆஷையும் மற்றவற்றையும் சேர்த்தால் இரண்டும் சற்று ஏறும். அந்த 8,000 லிட்டரைச் சுத்தம் செய்து சவ்வு வடிகட்டிக்கு அனுப்புவது, 9.6 கிராம் கலவையை அனுப்புவதைவிடக் குறைந்த அழுத்தத்தில் அதிகத் தண்ணீரைத் திருப்பித் தரும். 2,000 லிட்டர் பக்கத்தில் நிறத்தை மட்டும் நீக்கி, உப்புத் தண்ணீரையே மறுபடி சாயக் குளியலுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கலாம். அதற்கான கருவி வாங்குவதா இல்லையா என்பது பிறகு. கருவி விற்க வருபவர் "உங்கள் கழிவுநீர் ஒரு நாளைக்கு எவ்வளவு, உப்பு எவ்வளவு?" என்று கேட்கும்போது, ஒரு மொத்த எண்ணுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வடிப்புகளின் பட்டியலை அவர் முன் வையுங்கள். அவர் சொல்லும் கருவியின் அளவு மாறும்.